மனைவி பி குரூப், நான் ஏ குரூப்: கொங்குப் பகுதிக்கு ஒரே கிட்னிப் பட்டியல் கேட்டு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தின் உறுப்பினர் செயலர் அவர்களுக்கும், கோவை, ஈரோடு, சேலம் பக்கம் சிறுநீரக மாற்று அறுவை செய்கிற மருத்துவமனைகளின் டாக்டர்களுக்கும்,

வணக்கம்.

நான் கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். என் மனைவிக்கு இரண்டு கிட்னியும் சுருங்கிப்போய் 2022 நவம்பரில் டயாலிசிஸ் ஆரம்பித்தது. வாரம் மூன்று நாள், நாளுக்கு நாலு மணி நேரம். 2024 ஏப்ரலில் அவளுக்கு வேறொருவரின் கிட்னி வைத்தார்கள், என் கிட்னி வேறொருவருக்குப் போனது. இப்போது இருவரும் நன்றாக இருக்கிறோம். ஆகவே இது புலம்பல் கடிதம் இல்லை. இடையில் போன பதினேழு மாதத்தில் ஒரு வருஷமாவது வீணாகத்தான் போனது. எதனால் போனது என்று எனக்கு இப்போது தெரியும்: குரூப் சேராத ஜோடிகள் தங்களுக்குள் கிட்னியை மாற்றிக்கொள்ள, எல்லா மருத்துவமனைக்கும் சேர்த்து ஒரே பட்டியல் இல்லை. அதைச் சரிசெய்வது உங்கள் கையில் இருப்பதால் எழுதுகிறேன்.

மனைவிக்கு பி குரூப். என் ரத்தம் ஏ. அவளுடைய அம்மாவுக்குச் சர்க்கரை, தம்பிக்கு பிரஷரும் கல்லும். பெரியவள் காலேஜில் படிக்கிறாள், அவள் தருகிறேன் என்றாள். "அவ கல்யாணமாகி புள்ளை பெத்துக்க வேண்டியவ, அந்தப் பேச்சே வேண்டாங்க" என்று மனைவி முடித்துவிட்டாள். தாய்மாமன் முன்வந்தார். எங்கள் பக்கம் ஒரு பெண்ணுக்குத் தாய்மாமனைவிட நெருங்கிய உறவு யார்? ஆனால் சட்டத்தின் 'நெருங்கிய உறவினர்' வரிசையில் அவர் இல்லை. கணவன் மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், தாத்தா பாட்டி, பேரன் பேத்தி, அதோடு சரி. எப்படியும் அவரும் ஏ குரூப்தான்.

ஆக மிஞ்சியது நான். ஏ கிட்னியை பி உடம்பு ஏற்காது. பி ரத்தத்தில் ஏ-க்கு எதிரான ஆன்டிபாடி கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே ஊறிக் கிடக்கிறது. அப்படியே வைத்தால் டேபிளில் இருக்கும்போதே கிட்னி கறுத்துவிடும் என்றார் டாக்டர். (பாசிட்டிவ், நெகட்டிவ் என்பது கிட்னிக்குக் கணக்கே இல்லை. இது தெரியாமல் ஓ நெகட்டிவ் சொந்தக்காரரைத் திருப்பி அனுப்பிய ஒரு குடும்பத்தை டயாலிசிஸ் ஹாலில் பார்த்தேன்.)

முதல் நாள் எங்களிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "டோனர் மேட்ச் ஆகல, மூளைச்சாவுப் பட்டியலில் பதிஞ்சுக்கோங்க." பதிந்தோம். அடுத்து இரண்டு வழி இருக்கிறது என்பதே எங்களுக்கு நாலு மாதம் கழித்து, அதுவும் வேறொரு டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. ஒன்று, ஆன்டிபாடியைக் கழுவிக் குறைத்துவிட்டு, குரூப் சேராத கிட்னியையே வைப்பது. இன்னொன்று, எங்களைப் போலவே மாட்டிக்கொண்ட இன்னொரு ஜோடியோடு கிட்னியை மாற்றிக்கொள்வது, ஸ்வாப் என்கிறார்கள்.

முதல் வழியை முதலில் பார்த்தோம். ரத்தத்தில் அந்த ஆன்டிபாடி எவ்வளவு என்று டைட்டர் பார்ப்பார்கள். நோயாளியின் சீரத்தை இரண்டு மடங்கு, நாலு மடங்கு, எட்டு மடங்கு என்று இரட்டித்து இரட்டித்து நீர்க்கச் செய்து, எதுவரைக்கும் ஏ செல்கள் திரிந்து ஒட்டுகின்றன என்று பார்க்கிற சோதனை அது. என் மனைவிக்கு 1:512 வந்தது. ஒன்பது தடவை இரட்டித்தும் ஆன்டிபாடி அடங்கவில்லை என்று அர்த்தம். ஆபரேஷனுக்கு அது 1:8-க்கு இறங்க வேண்டும், அதிகபட்சம் 1:16. ஒரு தடவை பிளாஸ்மாவை, அதாவது ஆன்டிபாடி கலந்திருக்கும் ரத்தத்தின் நீர்ப்பகுதியை, மாற்றினால் ஏறத்தாழ ஒரு படி இறங்கும். 512-லிருந்து 8-க்கு ஆறு படி. ஆனால் இரண்டு மாற்றங்களுக்கு நடுவில் அது திரும்ப ஏறிக்கொள்ளும், அதனால் ஆறு எட்டாகலாம், பத்தாகலாம். இன்னொரு லேபில் அதே வாரம் பார்த்தபோது 1:128 என்று வந்தது! குழம்பிப்போய்க் கேட்டால், ஒருவர் குழாயில் பார்க்கிறார், இன்னொருவர் ஜெல் கார்டில் பார்க்கிறார், இரண்டையும் ஒப்பிடவே கூடாதாம். ஆரம்பத்திலிருந்து ஒரே லேப், ஒரே முறை என்று யாராவது சொல்லியிருந்தால் அந்த வாரத் தூக்கம் மிஞ்சியிருக்கும்.

எங்கள் டாக்டர் இந்த வழி வேண்டாம் என்றார். டைட்டர் அதிகம் என்பது ஒரு காரணம். ஸ்வாப் கிடைக்க வாய்ப்பிருக்கிற குரூப்காரர்கள் ஸ்வாப்புக்குத்தான் போக வேண்டும், கழுவிக் குறைக்கிற வழியை அது கிடைக்காதவர்களுக்கு வைத்துக்கொள்ளலாம் என்பது இன்னொன்று. அதற்கு அவர் சொன்ன விளக்கம் எனக்குப் பிடித்திருந்தது: "ஸ்வாப்பில் உங்க மனைவிக்கு சாதாரண பி கிட்னி கிடைக்கும். கூடுதலா மருந்து கிடையாது, கூடுதலா இன்ஃபெக்ஷன் பயமும் கிடையாது."

சரி, ஸ்வாப். எங்களுக்கு வேண்டியது ஏ நோயாளியும் பி தானக்காரரும் உள்ள ஒரு குடும்பம். அதே மருத்துவமனையில் பொருந்தாத ஜோடிகள் மொத்தம் ஆறு, எங்களையும் சேர்த்து. அதில் ஒன்று சரியாக அப்படியே இருந்தது: கணவர் ஏ, அவருக்குத் தர முன்வந்த மனைவி பி. பல்லடம் பக்கத்துக்காரர்கள். 2023 ஜூனில் நேரில் பார்த்துக்கொண்டோம். அந்தம்மா என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே நாம சம்பந்தி மாதிரிங்க" என்றார்.

ஆறு வாரம் ஸ்கேன், இதயப் பரிசோதனை, மனநல டாக்டர் என்று எல்லாம் ஓடியது. கடைசியில் கிராஸ்மேட்ச். தானக்காரரின் வெள்ளை அணுக்களையும் நோயாளியின் சீரத்தையும் கலந்து, அணுக்கள் சாகின்றனவா என்று பார்க்கிற சோதனை. என் அணுக்கள் அந்தக் கணவரின் சீரத்தில் பிழைத்தன. அந்தம்மாவின் அணுக்கள் என் மனைவியின் சீரத்தில் செத்தன. பாசிட்டிவ் என்றால் இங்கே கெட்ட செய்தி. அன்றோடு அந்த ஏற்பாடு முடிந்தது.

காரணம் பிறகுதான் புரிந்தது. என் மனைவி இரண்டு பிள்ளை பெற்றவள். பிள்ளை வயிற்றில் இருக்கும்போது அதன் உடம்பில் பாதி அடையாளம் என்னுடையது. எச்.எல்.ஏ என்கிறார்கள். அந்த அந்நிய அடையாளத்துக்கு எதிராகத் தாயின் ரத்தம் ஆன்டிபாடி தயாரித்து வைத்துக்கொள்வதுண்டு. பின்னால் ஏற்றின இரண்டு பாட்டில் ரத்தமும் அதைத் தூண்டிவிட்டிருக்கலாம். பல்லடத்து அம்மாவின் எச்.எல்.ஏ-வில் ஓர் அடையாளம் என்னுடையதோடு ஒத்துப்போயிருக்கிறது. அதாவது யாரோ ஒரு பெண்ணின் கிட்னியை என் மனைவியின் உடம்பு மறுத்தது என்னால்தான். இதைக் கேட்டு மனைவி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இங்கேதான் உங்களிடம் கேட்க வேண்டிய முதல் விஷயம் வருகிறது. என் மனைவியின் ரத்தத்தில் எந்தெந்த எச்.எல்.ஏ-வுக்கு எதிராக ஆன்டிபாடி இருக்கிறது என்று பார்க்கிற சோதனை, 'சிங்கிள் ஆன்டிஜென் பீட்' என்று பெயர், முதலிலேயே செய்திருந்தால், பல்லடத்து அம்மாவின் எச்.எல்.ஏ ரிப்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தே இது நடக்காது என்று ஒரே நாளில் சொல்லியிருக்கலாம். இரண்டு குடும்பத்தின் ஆறு வாரமும், ஸ்கேன் செலவும், அந்தக் கைப்பிடிப்பும் தப்பியிருக்கும். எங்களுக்கு அந்தச் சோதனை செய்தது அந்த இடி விழுந்த பிறகு. பிள்ளை பெற்ற பெண்ணும், ரத்தம் ஏற்றிக்கொண்டவரும் நோயாளியாக இருந்தால் அது முதல் வாரத்திலேயே செய்யப்பட வேண்டும். இந்தச் செலவு பெரிதுதான், ஆனால் இரண்டு பேரை முழுசாகச் சோதித்துவிட்டுக் கைவிடுவதைவிடச் சின்னது.

அப்புறம் நாலைந்து மாதம் ஒன்றும் நடக்கவில்லை. அந்த ஆறு ஜோடிப் பட்டியலில் எங்களுக்கு வேறு ஆள் இல்லை. ஏன் இல்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வாத்தியார் புத்தி.

எங்கள் பக்கம் நூறு பேரில் ஏறத்தாழ 40 பேர் ஓ, 30 பேர் பி, 22 பேர் ஏ, 8 பேர் ஏபி என்று வைத்துக்கொள்வோம். கணவன் மனைவி மாதிரி ரத்த உறவு இல்லாத ஜோடிகளில் குரூப் சேராதவர்களை மட்டும் பிரித்தெடுத்தால், அதில் பாதிக்கும் மேல் ஓ நோயாளிகள். அவர்களுக்கு ஓ கிட்னி மட்டும்தான் ஆகும், ஆனால் ஓ தானக்காரர் யாருக்கும் தரலாம் என்பதால் தன் சொந்தக்காரருக்கே கொடுத்துவிட்டுப் போய்விடுவார், பட்டியலுக்கே வரமாட்டார். ஏ நோயாளியும் பி தானக்காரரும் உள்ள ஜோடிகள் நூற்றுக்கு 16. எங்களைப் போல பி நோயாளியும் ஏ தானக்காரரும் உள்ளவர்கள் இன்னொரு 16. இந்த இரண்டு கூட்டமும் ஒன்றுக்கொன்று கச்சிதமாகப் பொருந்தும். மேற்கு நாடுகளில் பி குறைவு, அதனால் இந்த இரண்டு கூட்டமும் அங்கே எங்களைவிடச் சிறுத்துவிடும். நமக்கு பி நிறைய.

எங்களோடு ஐந்து ஜோடிகள் மட்டும் இருந்தால், அதில் ஒரு பொருத்தமாவது இருக்க வாய்ப்பு 58 சதவீதம். பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் கிராஸ்மேட்ச்சில் ஒன்று போனால்? இரண்டாவது ஒன்று இருக்க வாய்ப்பு 18 சதவீதம்தான். எங்களுக்கு நடந்தது இதுதான். இதே மாதிரி மூன்று மருத்துவமனையின் பட்டியலை ஒன்றாகப் போட்டு, எங்களோடு 17 ஜோடிகள் இருந்தால் ஒன்றாவது கிடைக்க 95 சதவீதம், இரண்டாவது ஒன்றும் இருக்க 78 சதவீதம். எங்களுக்கு முன்னால் நிற்கிறவர்கள் எடுத்துக்கொள்வதையும் மற்ற சோதனைகளில் தவறுவதையும் கழித்தால் இது குறையும், சரி. ஆனால் 18-க்கும் 78-க்கும் நடுவில் இருக்கிற தூரத்தைப் பாருங்கள். ஒரு நோயாளியும் கூடவில்லை, ஒரு தானக்காரரும் கூடவில்லை. மூன்று நோட்டை ஒன்றாகத் தைத்ததுதான் வித்தியாசம்.

எங்களுக்கு அந்த நோட்டைத் தைத்தது ஒரு டயாலிசிஸ் டெக்னீஷியன். சேலத்தில் வேலை பார்த்துவிட்டு எங்கள் சென்டருக்கு மாறி வந்த பையன். மனைவிக்கு ஊசி ஏற்றும்போது பேச்சுவாக்கில் கேட்டிருக்கிறான், "அக்கா, உங்களுக்கு பி, சாருக்கு ஏ-தானே? அங்க ஒரு அக்காவுக்கு ஏ, அவங்க தம்பி பி, ரெண்டு வருஷமா உக்காந்திருக்காங்க." 2023 டிசம்பர் அது. இப்படித்தான் கிடைத்தது. அந்தப் பையன் சேலத்திலேயே இருந்திருந்தால்?

இந்த இடத்தில் நம் ஊர் சங்கதி ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. டயாலிசிஸ் சென்டருக்கு வெளியே டீக்கடையில் என்னிடமும் ஒரு ஆள் பேசினான். "பி குரூப்பா சார், ஏற்பாடு பண்ணலாம்" என்றான். பள்ளிபாளையம் பக்கம் விசைத்தறித் தொழிலாளர்களின் கடனைக் காட்டி கிட்னியை எடுத்த கதை ஊரறிந்தது. அதனால் முன்பின் தெரியாத இரண்டு குடும்பம் கிட்னி மாற்றிக்கொள்கிறோம் என்று வந்து நின்றால், இந்தத் தானங்களுக்கு அனுமதி தரும் அங்கீகாரக் குழு சந்தேகமாகப் பார்க்கிறது. பார்க்கட்டும், பார்க்கத்தான் வேண்டும். ஆனால் ஒன்றை யோசியுங்கள். ஜோடிகள் ஒருவரையொருவர் டீக்கடையிலும் டயாலிசிஸ் கட்டிலிலும் தேடுகிற வரைக்கும்தான் புரோக்கருக்கு அங்கே வேலை. பட்டியல் ஆணையத்திடம் இருந்து, எண்ணுக்கு எண் ஆணையமே பொருத்திச் சொன்னால், ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நாள்வரை இரண்டு குடும்பத்துக்கும் ஒருவரையொருவர் தெரியவே வேண்டியதில்லை. பணம் கைமாற வழியே இருக்காது.

சேலத்து ஜோடி விஷயத்தில் டாக்டர் முதலில் எச்.எல்.ஏ ரிப்போர்ட்டுகளைத்தான் வாங்கினார். என் மனைவியின் ஆன்டிபாடி எதுவும் அந்தத் தம்பிக்கு எதிராக இல்லை. பத்து நாளில் நிஜமான கிராஸ்மேட்ச்சும் இரண்டு பக்கமும் நெகட்டிவ். எங்கள் வீட்டில் அன்று கேசரி கிண்டினார்கள்.

அடுத்த தகராறு வயசு. தம்பிக்கு 34, எனக்கு 49. "எங்க பையன் இளம் கிட்னியைத் தர்றான், எங்க பொண்ணுக்கு வயசான கிட்னியா?" என்று அவர்கள் அப்பா கேட்டார். கோபப்பட முடியவில்லை, நியாயமான கேள்வி. டி.டி.பி.ஏ ஸ்கேனில் என் இரண்டு கிட்னியும் சேர்ந்து நிமிடத்துக்கு 94 மில்லி வடிகட்டின, அந்தத் தம்பியுடையது 101. டாக்டர் அந்த இரண்டு காகிதத்தையும் அவர் முன்னால் வைத்து, வயசு வித்தியாசம் எவ்வளவு எடை போடும், இது எவ்வளவு எடை போடும் என்று அரை மணி நேரம் சொன்னார். பெரியவர் கடைசியில் "நீங்க பாத்துச் செய்யுங்க" என்றார். பட்டியல் வைக்கிறவர்கள் வயசையும் இந்த வடிகட்டல் எண்ணையும் அதில் ஒரு கட்டமாக வைத்தால், பெரிய வித்தியாசமுள்ள ஜோடிகளை முதலிலேயே தவிர்க்கலாம், இந்தப் பேச்சும் கடைசி நேரத்தில் வராது.

இதற்குப் பிறகும் ஏப்ரல் வரைக்கும் ஏன் ஆனது? காகிதம். 1994-ம் வருஷச் சட்டத்துக்கு 2011-ல் வந்த திருத்தம்தான் இந்த மாற்றிக்கொள்ளும் தானத்துக்கு இடம் கொடுத்தது. நான்கு பேரும், அதாவது இரண்டு நோயாளியும் இரண்டு தானக்காரரும், ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும், அங்கீகாரக் குழு முன்கூட்டியே அனுமதி தர வேண்டும் என்கிறது அது. 2014 விதிகள், அறுவை எங்கே நடக்கப்போகிறதோ அந்த மருத்துவமனையின், அல்லது மாவட்டத்தின், அல்லது மாநிலத்தின் குழு அனுமதிக்கும் என்கின்றன. ஒரே மருத்துவமனை என்றால் சிக்கலே இல்லை. நாங்கள் ஒரு மருத்துவமனை, அவர்கள் வேறு. எந்தக் குழு, யார் யாருக்கு என்று ஒரு மாதம் போனது. கடைசியில் அவர்களை எங்கள் மருத்துவமனைக்கு மாறச் சொன்னார்கள். மாறினால் இங்கே எல்லாச் சோதனையும் புதிதாக. அதற்குள் அந்த அக்காவுக்குக் கழுத்துக் குழாயில் இன்ஃபெக்ஷன், காய்ச்சல், மூன்று வாரம் தள்ளிப்போனது. நானும் அந்தத் தம்பியும் தினமும் போனில், "நீங்க நல்லா இருக்கீங்களா, சளி கிளி எதுவும் இல்லையே?" என்று கேட்டுக்கொள்கிற நிலைமை. நாலு பேரில் ஒருவருக்குச் சளி பிடித்தாலும் நாலு பேருக்கும் நாள் தள்ளும்.

என் பக்கமும் ஒரு காகிதம் குறைந்தது. 2001-ல் கோயிலில் நடந்த கல்யாணம், பதிவு செய்யவில்லை. நான் அவளுடைய கணவன்தான் என்று காட்ட, கல்யாண போட்டோ, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், ரேஷன் கார்டு எல்லாம் எடுத்துக்கொண்டு திருமணத்தைப் பதிந்து வந்தோம். இரண்டு பெரிய பிள்ளைகள் சாட்சிக்கு நிற்க மாலை மாற்றாத குறை. குழு எங்களைத் தனித்தனியாக உட்காரவைத்து, வீடியோ ஓடவிட்டு விசாரித்தது. கண்ணியமாகத்தான் கேட்டார்கள்.

ஏப்ரலில் ஒரு வியாழக்கிழமை காலையில் என்னையும் அந்தத் தம்பியையும் பக்கத்துப் பக்கத்துத் தியேட்டரில் ஒரே நேரத்தில் மயக்கத்தில் ஆழ்த்தினார்கள். ஒருவருக்கு முதலில் முடித்துவிட்டால், இன்னொரு பக்கத்துத் தானக்காரர் மனசு மாறினால் அப்புறம் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் அப்படி.

இப்போது பட்டியலே உதவ முடியாத அந்தப் பாதிப் பேருக்கு வருகிறேன். என் மனைவியின் பக்கத்துக் கட்டிலில் பவானிப் பையன் ஒருவன், 27 வயது, ஜமுக்காளத் தறிக் குடும்பம். அவன் ஓ, தர முன்வந்த அம்மா ஏ. அவர்களுக்கு ஸ்வாப் கிடைக்க, கிராஸ்மேட்ச் சேராமல் பட்டியலுக்கு வந்த ஓ தானக்காரர் ஒருவர் வேண்டும், அது மிக அபூர்வம். அவனுக்கு மட்டும் கழுவிக் குறைக்கிற வழிதான் சரியான வழி. டைட்டர் 1:64. முதலில் விட்டுப்போன தடுப்பூசிகளைப் போட்டார்கள், ஏனென்றால் அடுத்துக் கொடுக்கப்போகிற ரிட்டுக்ஸிமாப் என்ற மருந்துக்குப் பிறகு தடுப்பூசி சரியாகப் பிடிக்காது. அந்த மருந்து ஆன்டிபாடி தயாரிக்கப்போகிற செல்களை அழிக்கிறது, அறுவைக்குச் சில வாரம் முன்பே கொடுத்தாக வேண்டும். எதிர்ப்பை அடக்கும் மாத்திரைகளையும் முன்கூட்டியே ஆரம்பித்தார்கள். பிறகு பிளாஸ்மா மாற்றம். கணக்குப்படி மூன்று போதும், ஐந்து ஆனது. அதில் ஏற்றுவதற்கு ஏபி குரூப் பிளாஸ்மா கேட்டார்கள், அதில்தான் ஏ-க்கும் பி-க்கும் எதிரான ஆன்டிபாடி இரண்டும் கிடையாது. நூற்றில் எட்டுப் பேரைத் தேடி என் பழைய மாணவர்கள் வாட்ஸ்அப்பில் அலைந்தார்கள்.

1:8-க்கு வந்ததும் அறுவை. ஒன்பதாம் நாள், கிட்னி கழிவை எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் கிரியாட்டினின் 1.3-லிருந்து 2.1-க்கு ஏறியது, மூத்திரம் குறைந்தது, டைட்டர் 1:32. பயாப்ஸி எடுத்து ஆன்டிபாடித் தாக்குதல்தான் என்று உறுதி செய்து, இரண்டு தடவை மறுபடி பிளாஸ்மா மாற்றி அடக்கினார்கள். முதல் இரண்டு வாரம்தான் கண்டம். அந்தச் சமயத்தில் டைட்டரும் கிரியாட்டினினும் தினமும் பார்க்காத இடத்தில் இந்த ஆபரேஷனைச் செய்யவே கூடாது. அதைத் தாண்டிவிட்டால், ஆன்டிபாடி பிறகு திரும்பி வந்தாலும் கிட்னி அதோடு பழகிக்கொள்கிறது என்கிறார்கள். ஏன் பழகுகிறது என்று கேட்டால் டாக்டரே கையை விரிக்கிறார். பையன் இப்போது தறிக்குப் போகிறான். ஆனால் சாதாரண மாற்று அறுவைக்கு மேல் நாலு லட்சத்துக்கும் அதிகமாகக் கூடுதல் செலவு, மருந்தும் பிளாஸ்மாவும் சேர்த்து. அம்மாவின் தாலிக்கொடியும் போனது. ஓ நோயாளிகளுக்காவது இந்தக் கூடுதல் பகுதியைக் காப்பீட்டில் தனி இனமாக எழுத முடியுமா என்று பாருங்கள். ஸ்வாப் கிடைக்கக்கூடிய ஏ, பி ஜோடிகளை அதில் இழுத்துவிட வேண்டியதில்லை. பட்டியல் நடந்தால் அவர்கள் தானாகவே அந்தப் பக்கம் போவார்கள், மிச்சமாகிற பணம் ஓ-காரர்களுக்கு வரும்.

ஆகவே நான் கேட்பது அதிகமில்லை. கோவையிலிருந்து சேலம் வரைக்கும் ஒரே பட்டியல், ஆணையத்தின் கையில். டாக்டர் "டோனர் மேட்ச் ஆகல" என்று சொல்லும் அன்றைக்கே, இந்தப் பட்டியலில் பதிகிற படிவத்தையும் கொடுக்க வேண்டும். அதில் பெயர் வேண்டாம். இரண்டு பேரின் குரூப், வயசு, எச்.எல்.ஏ, நோயாளிக்கு இருக்கும் ஆன்டிபாடிகள், டைட்டர், தானக்காரரின் வடிகட்டல் எண், அவ்வளவுதான். மாதம் ஒரு தடவை பொருத்திப் பார்த்தால் போதும். இரண்டு வேறு மருத்துவமனையின் ஜோடிகள் பொருந்தினால் ஒரு ஜோடியை மற்ற மருத்துவமனைக்கு மாறச் சொல்லாமல், இரண்டு குழுவும் ஒரே நாளில் கூடி அந்த ஒரே ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும். சோதனை ரிப்போர்ட்டை ஒருவர் கொடுத்தால் மற்றவர் ஏற்க வேண்டும். உறுப்பு தானத்துக்கான மத்திய அரசின் நோட்டோ அமைப்பு 2025-ல் நாடு முழுக்க ஸ்வாப்புக்கு ஒரே திட்டம் வேண்டும் என்று மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. டெல்லியிலிருந்து அது நம் ஊர் டயாலிசிஸ் கட்டில்வரை இறங்கி வரும்வரைக்கும் காத்திருக்க வேண்டுமா? அகமதாபாத் சிறுநீரக நிலையத்தில் ஒரே மருத்துவமனைக்குள்ளேயே இதை ஒழுங்காகச் செய்து காட்டியிருக்கிறார்கள். நம் பக்கம் தனித்தனியாக அத்தனை பெரிய மருத்துவமனை இல்லை, ஆனால் சேர்த்துப் பார்த்தால் ஆட்கள் இருக்கிறார்கள்.

அந்த டெக்னீஷியன் பையன் இப்போது ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வருகிறான். பெயரில்லாமல், குரூப் மட்டும். நாலு டயாலிசிஸ் சென்டரில் வேலை பார்க்கும் அவனுடைய சிநேகிதர்கள் சொல்லச் சொல்ல எழுதியது. போன வாரம் பார்த்தேன். பதினோரு ஜோடிகள். ஏ நோயாளிக்கு பி தானக்காரர் என்று மூன்று வரி, பி நோயாளிக்கு ஏ என்று இரண்டு வரி. ஐந்தும் வேறு வேறு மருத்துவமனை. எப்போது, எங்கே கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்று சொன்னால் நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம்.

இப்படிக்கு,
கோபிச்செட்டிபாளையம் பக்கத்துக் கணக்கு வாத்தியார் ஒருவர்